கையெழுத்துப் போடாதவள்

ஸ்வர்ணாவுக்கு அனுஷாவைப் பிடிக்காமல் போனதற்கு அனுஷா ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஆகஸ்டு மாதம் வரைக்கும் இரண்டு பேருக்கும் நடுவில் நல்லதும் கெட்டதுமாக ஒன்றுமே இருந்ததில்லை. இந்திராநகரில் ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இங்கே அதைக் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அறுபது பேர் வேலை பார்த்தார்கள். ஸ்வர்ணா எச்.ஆர்.; அத்தனை பேருடைய ஃபைலும் அவள் பீரோவில்தான் இருந்தது. அனுஷா மற்றவர்கள் அடித்ததைத் திருத்துகிறவள். வால்பாறையிலிருந்து வந்து மூன்று வருஷமாகிறது. ஈஜிபுராவில் கணவன் தருணோடு ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தாள். அடுத்த டீம் லீடர் அவள்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்டு முதல் வாரத்தில், தான் ஐந்து மாதம் என்று அனுஷா வந்து சொன்னாள். டிசம்பர் இருபது வாக்கில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஸ்வர்ணா வாழ்த்துச் சொல்லிவிட்டு, முதலாளி ஷ்ரேயாஸிடம் போய்ச் சொன்னாள். ஷ்ரேயாஸ் கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கேக் வெட்டுகிறவன். ஆனால் புது அமெரிக்க கிளையன்ட் ஒருவன் டிசம்பரில் வருகிறான். அந்த நேரத்தில் மூன்று மாதம் ஆள் இல்லாமல், சம்பளமும் கொடுத்துக்கொண்டு இருக்க முடியாது என்றான். அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. நீங்கள் ஒரு பெண், நீங்கள் பேசினால் கேட்பாள் என்றான்.

ஸ்வர்ணா சரி என்றாள். அந்த மாதிரி ஒரு பேச்சை எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதே பேச்சை அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

அப்போது அவள் காக்ஸ் டவுனில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் இருந்தாள். மானேஜர் ஹெர்பர்ட், பாவம், நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். உடம்புதான் முக்கியம்மா, குழந்தை பிறக்கட்டும், அப்புறம் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். டைப் அடித்து வைத்திருந்த ராஜினாமாக் காகிதத்தை நகர்த்தி, பேனாவின் மூடியையும் அவரே திறந்து கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். அல்சூரில் இருந்த அப்பா அனந்தபத்மநாபனிடம் அன்று சாயங்காலம் சொன்னபோது, பெரிய மனுஷாளோடு எதுக்கு வம்பு, கௌரவமா வந்துட்டே, நல்லதாப் போச்சு என்றார். பையன் ஸ்ரீஹர்ஷா பிறந்தான். அவனுக்கு ஆறு மாதம் ஆனபோது ஸ்வர்ணா ஹெர்பர்ட்டுக்குப் போன் செய்தாள். இப்போது இடம் இல்லையேம்மா என்றார். அப்புறம் நாலு வருஷம் வீட்டில். திரும்பி வேலை தேடியபோது ரிசப்ஷனில்தான் இடம் கிடைத்தது. அவள் வேலை சொல்லிக் கொடுத்த இரண்டு பேர் இன்றைக்கு வேறு கம்பெனிகளில் மானேஜர்கள்.

இதையெல்லாம் அவள் பெரிய துக்கமாக வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் நடக்கிறதுதானே என்று இருந்துவிட்டாள்.

ஆகவே அனுஷாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உடம்புதான் முக்கியம், அப்புறம் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஆரம்பித்தபோது, அவளுக்குள்ளே ஒரு விநோதமான நிம்மதி இருந்தது. தான் ஏறிய படியில் இன்னொருத்தியும் ஏறட்டும் என்கிற மாதிரி. காகிதத்தை நகர்த்தினாள்.

அனுஷா அதை முழுவதும் படித்தாள். "இதுல நானே போறேன்னு எழுதியிருக்கே, மேடம்" என்றாள்.

"அப்படித்தான் எழுதறது வழக்கம்."

"நான் போகலையே." அவள் குரலில் சண்டையே இல்லை. "எங்க அம்மா எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறவங்க. நாங்க மூணு பேர். மூணு பிரசவத்துக்கும் பன்னிரண்டு வாரம் லீவும் சம்பளமும் எஸ்டேட்ல கொடுத்தாங்க. லீவு முடிஞ்சதும் அதே மலையில அதே வேலை. இங்க மட்டும் ஏன் இல்லை?"

ஸ்வர்ணா காகிதத்தை அவள் கையிலேயே கொடுத்தாள். யோசித்துச் சொல்லு என்று அனுப்பிவிட்டாள். பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை காலையில் அனுஷா வந்து, கையெழுத்துப் போடாத அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். கூடவே இன்னொரு காகிதமும். பேறுகால லீவுக்கான நோட்டீஸ். நவம்பர் இருபத்துநாலிலிருந்து பன்னிரண்டு வாரம் லீவு வேண்டும், அந்த நாட்களில் வேறு எங்கும் வேலை செய்ய மாட்டேன், பணத்தை என்னிடமோ என் கணவரிடமோ கொடுக்கலாம் என்று தெளிவாக எழுதி, டாக்டர் சர்ட்டிபிகேட்டையும் பின் பண்ணியிருந்தாள். வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று கேட்டாள். அப்புறம் தருகிறேன் என்று ஸ்வர்ணா சொன்னாள். தரவில்லை. டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் ஸ்வர்ணாவின் பொறாமை.

அனுஷாவின் வயிற்றைப் பார்த்தோ வயதைப் பார்த்தோ அவளுக்குப் பொறாமை வரவில்லை. அவள் அந்தக் காகிதத்தைத் திருப்பி வைத்த விதம்தான் கண்ணிலேயே நின்றது. சாப்பிடும்போது நினைவுக்கு வந்தது, பஸ்ஸில் நிற்கும்போது வந்தது. தேயிலை பறிக்கிறவள் பெண்ணுக்கு இருந்த தைரியம், விதான சௌதா தலைமைச் செயலகத்தில் அண்டர் செக்ரெட்டரியாக இருந்தவர் பெண்ணுக்கு ஏன் இல்லாமல் போனது? கேன்டீனில் அனுஷா மோர் சாதத்தை நிதானமாகச் சாப்பிடுவதைப் பார்த்தால் எரிச்சலாக இருந்தது. மற்றப் பெண்கள் அவளுக்கு நாற்காலி நகர்த்திக் கொடுத்ததும், தருண் தினமும் ஆட்டோ வைத்துக்கொண்டு கீழே வந்து நின்றதும் எரிச்சலாக இருந்தது. எனக்கு யார் நின்றார்கள் என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை அவென்யூ ரோட்டில் பேறுகால லீவுச் சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கினாள். மெலிசான புத்தகம். அனுஷா சொன்னது தப்பு என்று எங்காவது இருக்காதா என்றுதான் வாங்கினாள். தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் மட்டும்தான் என்று இருந்தால்கூடப் போதும். ஆனால் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைக்கும் ஆபீசுக்கும் உண்டு என்று போட்டிருந்தது. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருக்கிறவர்களுக்கு அந்த வழியாகக் கிடைக்கும். அனுஷாவின் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியது, அதனால் கம்பெனியே கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வாரம், பிரசவத்துக்கு முன்னால் ஆறு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த லீவில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்கக் கூடாது. லீவு நாட்களுக்குள் முடிகிற மாதிரி நோட்டீஸும் கொடுக்கக் கூடாது. சம்பளத்தையோ பதவியையோ குறைத்து வைக்கவும் கூடாது.

அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று என்று போட்டிருந்தது. அவள் பிறப்பதற்கு ஏழு வருஷம் முந்தி. ஹெர்பர்ட் பேனாவைத் திறந்து கொடுத்த அந்த மத்தியானம் இந்தச் சட்டம் எங்கேயோ ஒரு கடையில் அடுக்கியிருந்திருக்கும்.

நேரே அல்சூருக்குப் போனாள். அப்பா வராந்தாவில் கன்னடப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை நீட்டி, இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியாம என்ன? எங்க செக்ஷன்ல எத்தனை பொம்மனாட்டிகளுக்கு மெட்டர்னிட்டி லீவ் நானே சாங்ஷன் பண்ணியிருக்கேன்."

"அப்ப எனக்கு ஏன் சொல்லலை?"

"அது கவர்மென்ட். பிரைவேட்ல இதையெல்லாம் யார் கேக்கப் போறா?" என்று அவர் பேப்பரை மடித்தார்.

கேட்கிறாள் ஒருத்தி, எங்கள் ஆபீசிலேயே இருக்கிறாள் என்று ஸ்வர்ணா சொல்லவில்லை. காப்பி குடிக்காமல் கிளம்பி வந்துவிட்டாள். அப்பாவின் மேல் வந்த கோபம் அடுத்த நாள் ஆறிவிட்டது. அனுஷாவின் மேல் இருந்தது ஆறவில்லை. அப்பா எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், ஹெர்பர்ட் எத்தனை பேரிடம் வாங்கியிருக்கிறார், நடுவில் தான் ஒருத்தி கேட்காமல் போனது யார் குற்றம் என்று மனசு சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் ஒவ்வொரு தடவையும் அனுஷாவிடம் போய் முடிந்தது. அவள் வராமலிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காதே.

டீம் லீடர் பதவி வேறொருவனுக்குப் போயிற்று. அனுஷா ஒன்றும் கேட்கவில்லை. கிளையன்ட் வருகிற நாள் நெருங்க நெருங்க ஷ்ரேயாஸுக்குப் பொறுமை போயிற்று. நவம்பர் பத்தாம் தேதி ஸ்வர்ணாவைக் கூப்பிட்டான். வேலை திருப்தியில்லை என்று அனுஷாவுக்கு ஒரு மாத நோட்டீஸ் அடிக்கச் சொன்னான். தேதி மட்டும் அக்டோபர் இருபது என்று இருக்கட்டும் என்றான். யாரிடமோ யோசனை கேட்டிருக்கிறான் என்று ஸ்வர்ணாவுக்குப் புரிந்தது. இன்றைய தேதி போட்டால் ஒரு மாதம் டிசம்பர் பத்தாம் தேதி முடியும், லீவுக்கு நடுவில். போன மாதத் தேதி போட்டால் லீவு தொடங்குவதற்கு நாலு நாள் முந்தியே கணக்குத் தீர்ந்துவிடும்.

அவள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயத்தினாலும்தான், ஆனால் பயம் மட்டும் காரணம் என்று பின்னால் ஒருநாளும் அவள் தன்னிடமே பொய் சொல்லிக்கொள்ளவில்லை. அடித்தாள். கடிதங்களுக்கான அனுப்புகைப் பதிவேட்டில் அக்டோபர் பக்கத்தின் அடியில் காலியாக இருந்த ஒரு வரியில் அதைப் பதிந்தாள். மத்தியானம் அனுஷாவின் கையில் கொடுத்தாள். இப்போதாவது அந்த நிதானம் குலைகிறதா என்று முகத்தைப் பார்த்தாள். குலைந்தது. அனுஷாவின் கண் நிறைந்தது. தேதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து ஸ்வர்ணாவைப் பார்த்தாள். எழுந்து போனாள். எதிர்பார்த்த சந்தோஷம் ஸ்வர்ணாவுக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அனுஷாவும் தருணும் பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கிற லேபர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு லேபர் இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கே வந்துவிட்டார். சீதாலட்சுமி என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், தோளில் துணிப்பை. கன்னடத்தில் ஆரம்பித்தவர், இவர்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். கான்ஃபரன்ஸ் ரூமில் ஒரு பக்கம் ஷ்ரேயாஸும் ஸ்வர்ணாவும், எதிரே அனுஷாவும் தருணும் உட்கார்ந்தார்கள். ஷ்ரேயாஸ் முந்தின நாளே ஸ்வர்ணாவிடம் சொல்லி வைத்திருந்தான்: பதிவேட்டில் இருக்கிறதைச் சொல்லுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

இன்ஸ்பெக்டர் வருகைப் பதிவைக் கேட்டு வாங்கினார். பிரசவ தேதிக்கு முந்தின பன்னிரண்டு மாதத்தில் எண்பது நாள் வேலை செய்திருந்தால் போதும், இவர் மூன்று வருஷமாக ஒழுங்காக வந்திருக்கிறார் என்று குறித்துக்கொண்டார். சம்பளப் பட்டியலைப் பார்த்தார். பிறகு ஷ்ரேயாஸ் பேசினான். வேலை சரியில்லை, அக்டோபரிலேயே நோட்டீஸ் கொடுத்தாயிற்று, நாளையோடு முடிகிறது, லீவு கேட்டு எங்களுக்கு எதுவும் வரவில்லை, கர்ப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றான். நன்றாகத்தான் பேசினான்.

"கர்ப்பமா இருக்கறப்ப எப்ப நீக்கினாலும் பன்னிரண்டு வாரச் சம்பளம் கொடுத்துத்தான் ஆகணும். அதுல பேச்சே இல்லை" என்றார் சீதாலட்சுமி. "கேள்வி இவங்க வேலையைப் பத்தினது. லீவுக்கு முந்தியே நிஜமா முடிஞ்சுபோச்சா, இல்லை லீவுக்காக முடிச்சீங்களான்னு நான் பார்க்கணும். இந்த நோட்டீஸை இவங்க கையில கொடுத்தது யாரு?"

எங்கள் எச்.ஆர்.தான், கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஷ்ரேயாஸ் கைகாட்டினான்.

எல்லோரும் ஸ்வர்ணாவைப் பார்த்தார்கள், அனுஷாவைத் தவிர. அனுஷா தன் கைப்பையின் வாரை மடக்கி மடக்கி நீவிக்கொண்டிருந்தாள். எட்டு மாத வயிறு மேஜை விளிம்பில் இடித்தது. ஸ்வர்ணா என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ளக்கூட அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஸ்வர்ணாவிடமிருந்து அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஸ்வர்ணா காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறவள்தான் என்று அவள் முன்பே முடிவு கட்டிவிட்டாள்.

அதுதான் ஸ்வர்ணாவைச் சுட்டது. இரக்கம் வந்து அவள் பேசினாள் என்று பிறகு ஆபீசில் பலர் சொன்னார்கள். இரக்கம் இல்லை. கையெழுத்துப் போடாதவள் என்கிற பெயர் அனுஷா ஒருத்திக்கே போய்ச் சேர வேண்டுமா என்கிற ஆத்திரம்தான் அவள் வாயைத் திறந்தது.

"நான்தான் கொடுத்தேன். அக்டோபர்ல இல்லை, போன வாரம் திங்கட்கிழமை, பத்தாம் தேதி மத்தியானம். அன்னைக்குக் காலையிலதான் டைப் அடிச்சேன். பழைய தேதி போடச் சொன்னாங்க, போட்டேன். பதிவேட்டுலயும் நானேதான் இடையில எழுதினேன்" என்றாள்.

ஷ்ரேயாஸ் அவள் பெயரை ஒரு தடவை மெதுவாகச் சொன்னான். அவள் திரும்பவில்லை. "லீவு நோட்டீஸ் ஆகஸ்டு பதினொண்ணாம் தேதியே வந்துடுச்சு. என் டிராயர்ல இருக்கு, கொண்டு வரேன்" என்று எழுந்து போனாள். டிராயரைத் திறந்து லீவு நோட்டீஸ் இருந்த கவரை எடுத்தாள். ராஜினாமாக் கடிதமும், கையெழுத்தில்லாமல், அதே கவரில்தான் இருந்தது. இரண்டையும் கொண்டுவந்து இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள்.

சீதாலட்சுமி இரண்டையும் நிதானமாகப் படித்தார். ஸ்வர்ணா சொன்னதை ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அப்புறம் ஷ்ரேயாஸைப் பார்த்துப் பேசினார். பத்தாம் தேதி கொடுத்த ஒரு மாத நோட்டீஸ் லீவுக்குள்தான் முடியும், அது செல்லாது. இந்தச் சட்டத்தை மீறினால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஜெயில் உண்டு, அபராதமும் உண்டு. வழக்குப் போடுகிற அதிகாரம் எனக்கு இருக்கிறது. போட வேண்டுமா என்பதை உங்கள் நடத்தையைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

வெள்ளிக்கிழமை உத்தரவு எழுத்தில் வந்தது. நோட்டீஸை வாபஸ் வாங்க வேண்டும். கேட்ட தேதியிலிருந்து லீவு. பிரசவத்துக்கு முந்தின நாட்களுக்கான சம்பளம் முன்கூட்டியே, மீதி பிரசவச் சான்று கொடுத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள். கம்பெனி பிரசவ வைத்தியம் பார்க்காததால் மருத்துவ போனஸும் தனியாக. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. ஷ்ரேயாஸ் போகவில்லை. கிளையன்ட் காதுக்குப் போய்விடும் என்று பயந்தான்.

ஸ்வர்ணாவை அவன் திட்டவில்லை. பீரோ சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். ஃபைல்களெல்லாம் அக்கவுன்ட்ஸ் அறைக்குப் போயின. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அவளுக்கு வேலையே இருக்காது. வீட்டில் கணவன், இதை உனக்கு யார் செய்யச் சொன்னார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டான். ஜனவரியில் அவள் வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தாள்.

அதற்கு முன்பே, டிசம்பர் பதினேழாம் தேதி அனுஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆபீசிலிருந்து நாலைந்து பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஸ்வர்ணா போகவில்லை. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது, அவள் முகத்தில் என்ன ஒரு தெளிவு என்று அவர்கள் சொன்னபோது, பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. நாம் பேசியதால்தானே அந்தத் தெளிவு என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் எரிச்சல் போகவில்லை.

பிப்ரவரி பதினாறாம் தேதி அனுஷா வேலைக்குத் திரும்பினாள். அதே மேஜை, அதே சம்பளம். குழந்தைக்குப் பால் கொடுக்கத் தினம் இரண்டு தடவை இடைவேளை உண்டு. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை கேட்கலாம். வால்பாறையிலிருந்து வந்திருந்த அவள் அம்மா, அந்த நேரத்துக்குக் குழந்தையை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருவாள். ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஸ்வர்ணா ஏதோ எடுக்கப்போன மாதிரி அந்தப் பக்கம் போனாள். உள்ளே அனுஷா மட்டும் இருந்தாள். குழந்தை மடியில் தூங்கியிருந்தது.

அனுஷா நன்றி என்று சொல்லிவிடுவாளோ என்று ஸ்வர்ணாவுக்குப் பயமாக இருந்தது. சொல்லவில்லை. உட்காருங்க மேடம் என்று ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினாள். ஸ்வர்ணா உட்கார்ந்தாள். ஆகஸ்டிலிருந்து மனசில் கிடந்ததைக் கேட்டாள்.

"அன்னைக்கு அந்தக் காகிதத்தைத் திருப்பி வெச்சியே, உனக்குப் பயமே இல்லையா?"

அனுஷா குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "சனி, ஞாயிறு ரெண்டு நாளும் சாப்பிட்டது எதுவும் தங்கலை. வேணாம், போட்டுடலாம்னு தருண்கிட்ட அழுதேன். அம்மாவுக்குப் போன் பண்ணேன். போட்டுட்டு வந்தியானா என் மூஞ்சியில முழிக்காதேன்னாங்க. உங்களைவிட அம்மாவுக்குத்தான் அதிகமாப் பயந்தேன்."

ஸ்வர்ணாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அனுஷாவும் சிரித்தாள். குழந்தை அசைந்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். பொறாமை அப்போதும் போய்விடவில்லை. ஆனால் இத்தனை நாள் அனுஷாவிடம் இருப்பதாக அவள் நினைத்திருந்த பெரிய தைரியம் அங்கே இல்லை என்பது தெரிந்தது. இவளுக்குப் போனில் அதட்ட ஒரு அம்மா இருந்தாள். தனக்கு அப்பா இருந்தார். இனிமேல் எரிச்சல் வந்தால், அதை அந்த அம்மாவின் பேரில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மார்ச் மாதம் ரெசிடென்சி ரோட்டில் ஒரு கம்பெனியில் ஸ்வர்ணாவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பழைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். அவர்களில் மூத்தவர் பேனாவை உருட்டிக்கொண்டே, உங்களுக்கு ஒரு பையன்தான் இல்லையா, இன்னொன்று பெற்றுக்கொள்கிற எண்ணம் ஏதும் உண்டா என்று விசாரித்தார்.

"அதை நீங்க கேக்கக் கூடாது சார். நான் சேர்ந்தா, உங்க கம்பெனியில வேற யாரும் கேக்கவும் விடமாட்டேன்" என்றாள் ஸ்வர்ணா.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வேலை கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே கடையில் ஒரு பாதாம் பால் வாங்கிக் குடித்தாள். பத்து நாள் கழித்து அப்பாயின்ட்மென்ட் கடிதம் வந்தது. சம்பளம் அவள் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவு. அவள் அதை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தாள். ஒரு இடத்தில் திருத்தம் கேட்டு எழுதினாள். திருத்தி வந்த பிறகு கையெழுத்துப் போட்டாள்.